பெண்களுக்கான கேப் சேவையில் பாதுகாப்பு வாக்குறுதி எங்கே நிறைவேறுகிறது?

கேள்வி: "பெண் பயணிகளுக்காகவே ஒரு கேப் சேவை தொடங்கப் போகிறோம். முதலில் முப்பது வண்டிகள். பெண் ஓட்டுநர்கள், எஸ்ஓஎஸ் பொத்தான், குடும்பத்தாருக்கு நேரடி இருப்பிடப் பகிர்வு எல்லாம் முடிவு செய்துவிட்டோம். பாதுகாப்பையே எங்கள் முதன்மை வாக்குறுதியாக வைக்கிறோம். அது வெறும் விளம்பரமாகிவிடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?"

நீங்கள் குறிப்பிட்ட மூன்றும் தேவையானவை. ஆனால் அவை சாதனங்களும் ஏற்பாடுகளும்தான். அவற்றை வாங்கிவைத்தாலே வாக்குறுதி நிறைவேறிவிடாது. இரவுப் பயணங்களுக்கான வாடகை வண்டிகளின் கட்டுப்பாட்டு அறையைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். செயலியை உருவாக்கும் தொழில்நுட்பம் என் துறை அன்று. புகார் வந்தபின் அறைக்குள் என்ன நடக்கிறது என்பதே நான் நெருங்கிப் பார்த்தது. பாதுகாப்பு பெரும்பாலும் காக்கப்படுவதும் கைவிடப்படுவதும் அந்த இடத்தில்தான் என்பதால், இந்தப் பதிலையும் அதையொட்டியே அமைத்துக்கொள்கிறேன்.

சீனாவில் டிடி நிறுவனத்தின் ஹிட்ச் என்னும் பகிர்வுப் பயணச் சேவையில் 2018 ஆகஸ்ட் மாதம் நடந்ததை, இத்தொழிலுக்கு வரும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். வென்ஜோ பகுதியில் 20 வயதுப் பெண் ஒருவர் அந்தச் சேவையில் பயணம் செய்தபோது ஓட்டுநரால் கொல்லப்பட்டார். அந்த ஓட்டுநருக்குக் குற்றப் பின்னணி எதுவும் இல்லை. அவர் கொடுத்த ஆவணங்கள் உண்மையானவை. முக அடையாளச் சோதனையிலும் தேறியிருந்தார் என்று நிறுவனமே பின்னர் தெரிவித்தது. அதாவது, சேர்க்கும்போது செய்யும் சோதனைகள் எவ்வளவு கடுமையாக இருந்திருந்தாலும் அவரைத் தடுத்திருக்க வாய்ப்பு குறைவு. தடுக்கக்கூடிய ஒரு தகவல் வேறோர் இடத்தில் இருந்தது. அதற்கு முந்தைய நாள் இன்னொரு பெண், இதே ஓட்டுநர் தம்மை ஆள் நடமாட்டமில்லாத இடத்துக்கு அழைத்துச் சென்றதாகவும், இறங்கிய பிறகும் பின்தொடர்ந்ததாகவும் புகார் செய்திருந்தார். இரண்டு மணி நேரத்தில் பதில் வரும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது, பதில் வரவில்லை. ஓட்டுநர் மறுநாளும் வண்டி ஓட்டினார். கொல்லப்பட்ட பெண் உதவி கேட்டுத் தோழிக்குச் செய்தி அனுப்பிய பின், தோழி நிறுவனத்தைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டும் காத்திருக்கச் சொன்ன பதில்தான் கிடைத்தது.

அதே ஆண்டு மே மாதத்தில் அதே சேவையில் வேறொரு பெண்ணின் கொலை நடந்திருந்தது. அங்கே ஓட்டுநர் தன் தந்தையின் கணக்கைப் பயன்படுத்தி வண்டி ஓட்டியிருந்தார். இரவில் முகத்தைச் சரிபார்க்க வேண்டிய ஏற்பாடு சரியாக இயங்கவில்லை. அந்தக் கணக்கின் மீதும் முன்பே ஒரு பாலியல் தொல்லைப் புகார் வந்திருந்தது. வாடிக்கையாளர் சேவைப் பிரிவு ஐந்து முறை அழைத்தும் ஓட்டுநர் கிடைக்காததால் அந்தப் புகார் அப்படியே நின்றுபோனது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்: பெரிய குற்றத்துக்கு முன் சிறிய புகார் ஒன்று வந்திருந்தது, அதைக் கேட்ட ஊழியரால் வண்டியை நிறுத்த முடியவில்லை, அல்லது நிறுத்த வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்படவில்லை. எல்லா நேரத்திலும் முன்னறிகுறி வரும் என்று சொல்ல மாட்டேன், வராமலும் நடக்கும். ஆனால் வந்த அறிகுறியைத் தவறவிடுவது முழுக்க நிறுவனத்தின் கையில் உள்ள குறை. ஓட்டுநர் அழைப்பை எடுக்காவிட்டால் புகார் நிலுவையில் கிடக்கும் என்பதற்குப் பதிலாக, எடுக்கும்வரை அவருக்கு அடுத்த பயணம் ஒதுக்கப்படாது என்று விதியைத் திருப்பிப் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

உங்கள் சேவைக்குப் பொருந்தும்படி ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். இரவு 9:40 மணிக்கு ஒரு பயணி அழைக்கிறார் என்று வையுங்கள். "செயலியில் காட்டிய பெண் வரவில்லை. ஓர் ஆண் ஓட்டிவந்தார். 'அந்த ஓட்டுநர் என் அண்ணி, அவருக்கு உடம்பு சரியில்லை' என்று அவர் சொன்னார். பத்திரமாக வீடு வந்துவிட்டேன். புகார் ஒன்றும் இல்லை, சொல்லத் தோன்றியது" என்கிறார். பெண் ஓட்டுநர்களை வைத்து நடத்தும் சேவைகளில் மற்ற எதையும்விட நான் அஞ்சுவது இந்த அழைப்பைத்தான். பெண்ணின் பெயரில் பதிவான கணக்கில் கணவரோ சகோதரரோ ஓட்டுவது, உங்கள் சேவையின் அடித்தளத்தையே சத்தமில்லாமல் பெயர்த்துவிடும். பயிற்சி இல்லாத ஊழியர் இதை 'ஓட்டுநர் மாற்றம்' என்று பதிந்து, கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து, நன்றி சொல்லி முடித்துவிடுவார். பயணியே புகார் இல்லை என்று சொல்லிவிட்டதால் அவருக்கு அது சரியாகவும் தோன்றும்.

நடக்க வேண்டியது வேறு. அழைப்பு முடிவதற்கு முன்பே அந்த வண்டிக்குப் புதிய பயணங்கள் ஒதுக்கப்படுவது நிற்க வேண்டும். இதற்கு மேலாளரின் அனுமதி தேவைப்படக் கூடாது. அழைப்பை எடுத்தவரே ஒரு பொத்தானில் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும், தவறாக நிறுத்திவிட்டாலும் அவருக்குக் கண்டனம் வரக் கூடாது. அடுத்த நிமிடமே, அந்த வண்டியில் இப்போது வேறொரு பயணி இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அவரை உடனே அழைக்க வேண்டும். ஓட்டுநர் காதில் விழும் தொலைவில் அவர் இருப்பதால், "நான் கேட்பதற்கு ஆம், இல்லை என்று மட்டும் சொன்னால் போதும்" என்று தொடங்கி, ஓட்டுவது பெண்ணா, வழி சரியாக இருக்கிறதா, இறங்க விரும்புகிறாரா என்று மூன்றே கேள்விகள் கேட்க வேண்டும். இறங்க விரும்பினால், வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள அருகிலுள்ள இடத்துக்கு மாற்று வண்டி கிளம்பியாக வேண்டும். அவர் அந்த மாற்று வண்டியில் ஏறும்வரை அழைப்பைத் துண்டிக்கக் கூடாது. அழைப்புக்குப் பதிலே இல்லை என்றாலோ வண்டி வழிமாறினாலோ, வண்டி எண்ணும் இருப்பிடமும் ஓட்டுநரின் விவரமும் உடனே காவல்துறைக்குப் போக வேண்டும். இந்தத் தகவலை யார், எந்தப் படிவத்தில், யாருக்குக் கொடுப்பது என்பதைச் சேவை தொடங்கும் முன்பே காவல்துறையுடன் பேசி முடித்திருக்க வேண்டும். அவசர நேரத்தில் 'கொடுக்க அனுமதி உண்டா' என்று சட்டப் பிரிவைக் கேட்டுக்கொண்டிருப்பது ஆபத்தான தாமதம். சீன நிகழ்விலும் விவரம் கேட்ட காவல்துறையினரிடம் முதலில் கூடுதல் சரிபார்ப்புதான் கேட்கப்பட்டது.

பயணி யாரும் வண்டியில் இல்லை என்று உறுதியான பிறகு, பதிவான ஓட்டுநரைக் காணொளி அழைப்பில் பேச வைக்க வேண்டும். அடுத்து, அந்த வண்டியின் கடைசி இருபது பயணங்களில் சென்றவர்களை ஒவ்வொருவராக அழைத்து, ஓட்டியவர் படத்தில் இருந்தவர்தானா என்ற ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் ஒருநாள் நேர்ந்ததா, வழக்கமாகவே நடக்கிறதா என்பதை வேறு எந்த வழியிலும் இவ்வளவு தெளிவாக அறிய முடியாது. கடைசியாக, அழைத்துச் சொன்ன பயணிக்கு அன்றிரவே திரும்பத் தொடர்புகொண்டு, என்ன செய்யப்பட்டது என்பதைத் தெரிவிக்க வேண்டும். 'உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்ற வாசகம் போதாது. "அந்த வண்டி 9:41 முதல் நிறுத்தப்பட்டுள்ளது, ஓட்டுநரிடம் பேசினோம், நாளை மாலைக்குள் முடிவைச் சொல்கிறோம்" என்ற அளவுக்குச் சொன்னால்தான், அடுத்த முறையும் ஏதாவது தோன்றினால் சொல்லலாம் என்ற எண்ணம் அவருக்கு வரும்.

இப்படிப்பட்ட ஆள்மாற்றத்தைச் செயலியே பிடித்துவிடாதா என்று நீங்கள் நினைக்கலாம். பாதிதான் பிடிக்கும். பணி தொடங்கும்போது ஓட்டுநர் ஒரு செல்ஃபி எடுத்து அடையாளத்தை உறுதிசெய்வது பல சேவைகளில் உள்ளது. அதை எடுத்துவிட்டு வண்டியையும் தொலைபேசியையும் வேறொருவரிடம் கொடுக்க இரண்டு நிமிடம் போதும். ஆகவே சோதனை பணியின் நடுவே, இரு பயணங்களுக்கு இடையில், முன்கூட்டி அறிய முடியாத நேரத்தில் வர வேண்டும். பயணம் தொடங்க ஓடிபி சொல்லும் முறை, பயணி சரியான வண்டியில் ஏறுகிறார் என்பதை உறுதிசெய்கிறது. ஓட்டுபவர் யார் என்பதை அது சொல்வதில்லை, ஏனெனில் அந்த எண்ணைத் தட்டுவது யார் கையில் தொலைபேசி இருக்கிறதோ அவர்தான். எனவே பயணியிடமே ஒரு வேலையை ஒப்படையுங்கள்: ஓடிபி சொல்வதற்கு முன் ஓட்டுநரின் படம் திரை முழுவதும் தோன்றட்டும், கீழே "இவர் இல்லை" என்ற பொத்தான் இருக்கட்டும். அதை அழுத்தியவருக்கு ரத்துக் கட்டணமின்றி மாற்று வண்டி வர வேண்டும். அரை மணி காத்திருக்க வேண்டியிருந்தால் களைத்துப்போன பயணி அதை அழுத்த மாட்டார். ஆகவே முப்பது வண்டிகளில் இரண்டையாவது இரவு நேரங்களில் பயணம் ஒதுக்காமல் மாற்றுக்காகவே வைத்திருக்க வேண்டியிருக்கும். அதன் வருமான இழப்பை உங்கள் வாக்குறுதியின் விலையாகக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஓட்டுநர் ஏன் அப்படிச் செய்தார் என்பதையும் விசாரிக்காமல் விடக் கூடாது. நான் கண்டவரை, வஞ்சக எண்ணத்தோடு கணக்கை மாற்றிக் கொடுத்தவர்கள் சிலரே. குழந்தைக்குக் காய்ச்சல், வண்டிக் கடனின் தவணை நாள், ஒருநாள் வராவிட்டால் அந்த வாரத்து ஊக்கத்தொகை முழுவதும் போய்விடும் என்ற கணக்கு, இவைதான் பெரும்பாலும் காரணமாக இருந்தன. அப்படியென்றால் ஆள்மாற்றத்தைத் தூண்டியதில் நிறுவனத்தின் ஊதிய விதிக்கும் பங்கு உண்டு. மாதத்துக்குச் சில நாட்கள் ஊக்கத்தொகை இழக்காமல் விடுப்பு எடுக்கலாம் என்ற ஒரு விதி, முக அடையாள மென்பொருளைவிட அதிகமாக இந்தத் தவறைக் குறைக்கும் என்பது என் அனுபவத்திலிருந்து சொல்லும் கருத்து. அந்த விதி இருந்தும் மாற்றிக் கொடுத்தவரை நீக்குவதில் தயக்கம் வேண்டாம்.

புகார் வந்தவுடன் நிறுத்துவது ஓட்டுநருக்கு அநீதி ஆகாதா என்பது நியாயமான கேள்வி. விசாரணை முடியும்வரை, அதிகபட்சம் மூன்று நாட்கள் என்று வைத்துக்கொண்டு, அவருடைய வழக்கமான சராசரி வருமானத்தைக் கொடுத்துவிடுங்கள். இதனால் இரண்டு நன்மைகள். பொய்ப் புகாராக இருந்தால் அவருடைய இழப்பு குறையும். அதைவிட முக்கியமாக, அழைப்பை எடுக்கும் ஊழியருக்கு நிறுத்துவதில் மனத்தடை இருக்காது. ஒருவருடைய பிழைப்பைக் கெடுக்கிறோமோ என்ற உறுத்தலே பல இடங்களில் 'இன்னொரு முறை நடந்தால் பார்க்கலாம்' என்ற முடிவுக்குக் காரணமாகிறது. ஓட்டுநர்களின் பாதுகாப்பும் இதே அறையின் பொறுப்பு. ஊபர் நிறுவனம் அமெரிக்காவில் 2017, 2018 ஆண்டுகளுக்கு வெளியிட்ட பாதுகாப்பு அறிக்கையில், பாலியல் தாக்குதல் முறையீடுகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் பயணிகளாக இருந்தனர். பயணி ஒரு பெண் முன்பதிவு செய்து, வண்டி வந்ததும் உடன் மூன்று ஆண்கள் ஏற முற்படும்போது, மறுக்கும் உரிமை உங்கள் ஓட்டுநருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். மறுத்ததற்காக அவருடைய மதிப்பீட்டு எண் குறையக் கூடாது.

அதே அறிக்கையில் உள்ள இன்னொரு கணக்கு, உங்கள் வெற்றியை நீங்கள் எப்படி அளக்கிறீர்கள் என்பதையே மாற்றக்கூடியது. அந்த இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 230 கோடிப் பயணங்களில், கடுமையான ஐந்து வகைப் பாலியல் தாக்குதல்கள் பற்றி 5,981 முறையீடுகள் பதிவாயின. ஏறக்குறைய 3,85,000 பயணங்களுக்கு ஒன்று. முறையிடப்படாதவை இதில் இல்லை என்பதாலும், ஒரு நாட்டின் எண்ணிக்கை இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தாது என்பதாலும் இதை ஒரு அளவுகோலாக மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வண்டிகள், வண்டிக்கு நாளொன்றுக்குப் பத்துப் பயணம் என்றால் உங்களுக்கு ஆண்டுக்கு 1,09,500 பயணங்கள். அதே விகிதத்தில், மூன்றரை ஆண்டுக்கு ஒரு முறையீடுதான் வரும். உங்கள் சேவை அதைவிட ஐந்து மடங்கு ஆபத்தானதாக இருந்தால்கூட, முதல் ஆண்டு எந்தக் கடுமையான முறையீடும் இல்லாமல் கழிந்துவிட ஏறக்குறைய நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே 'ஓராண்டாக ஒரு சம்பவமும் இல்லை' என்பது உங்களைப் பற்றி எதையும் நிரூபிப்பதில்லை. அதைச் சுவரொட்டியில் போடாதீர்கள், உங்களுக்குள்ளும் நம்பிவிடாதீர்கள்.

அளக்க வேண்டியவை சிறியவை. படத்தில் இல்லாதவர் ஓட்டினார், தனிப்பட்ட கேள்விகள் கேட்டார், இறங்கிய பிறகு தொலைபேசியில் அழைத்தார், சொல்லாமல் வழியை மாற்றினார் போன்றவை மாதந்தோறும் எத்தனை வந்தன, புகார் வந்ததிலிருந்து வண்டி நிறுத்தப்படும்வரை எத்தனை நிமிடம் ஆனது என்ற இரண்டு எண்கள் போதும். இந்தச் சிறிய புகார்கள் தொடக்கத்தில் கூடினால் பதறாதீர்கள்; கேட்கிறார்கள் என்று தெரிந்தால் சொல்பவர்கள் கூடுவார்கள். சிறிய புகார் ஒன்றுகூட வராத மாதம்தான் எனக்குக் கவலை தரும், ஏனெனில் புகார் எண் வேலை செய்யவில்லை என்பதே அதற்குப் பெரும்பாலும் காரணமாக இருந்திருக்கிறது.

எஸ்ஓஎஸ் பொத்தானைப் பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும். அழுத்தப்படுபவற்றில் மிகப் பெரும்பாலானவை கை தவறி அழுத்தப்பட்டவையாக இருக்கும். மூன்றாம் மாதத்தில் ஊழியர்கள் அதை அலட்சியமாக எடுக்கத் தொடங்குவார்கள். ஒவ்வொரு முறையும் பயணியின் குரலைக் கேட்காமல் எச்சரிக்கையை மூடக் கூடாது என்ற ஒரே விதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்; தவறி அழுத்தியவரிடம் எரிச்சல் காட்டக் கூடாது என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

விளம்பர வாசகத்துக்கு வருகிறேன். பெண் ஓட்டுநர் என்பதாலேயே பாதுகாப்பு என்று எழுதாதீர்கள். ஆள்மாற்றம் ஒன்று வெளிவந்தால் அந்த ஒரு வாசகமே உங்களுக்கு எதிராகத் திரும்பும். 'மிகப் பாதுகாப்பான பயணம்' என்ற சொற்களும் ஆபத்தானவை. ஊபர் நிறுவனம் பாதுகாப்புக் கட்டணம் என்ற பெயரில் ஒரு தொகையை வசூலித்து, தன் பின்னணிச் சோதனைகளை உயர்வாக விளம்பரப்படுத்தியதற்காக வழக்கைச் சந்தித்து, 2016-இல் 2.85 கோடி டாலர் கொடுத்து உடன்பாட்டுக்கு வந்தது. அந்தக் கட்டணத்தின் பெயரும் மாறியது. பயணி தானே சரிபார்க்கக்கூடிய ஒன்றை மட்டும் வாக்களியுங்கள். "ஓட்டுநரைப் பற்றி நீங்கள் கவலை தெரிவித்தால், எங்களில் ஒருவர் உங்களிடம் பேசி முடிக்கும்வரை அந்த வண்டி அடுத்த பயணியை ஏற்றாது" என்பது போன்ற ஒரு வாக்கியம். பெண்களின் நேரத்தையோ நடமாட்டத்தையோ குறைத்துப் பாதுகாப்புத் தருவதாகவும் சொல்லாதீர்கள். டிடி 2019-இல் ஹிட்ச் சேவையை மீண்டும் சோதனையாகத் தொடங்கியபோது, பெண்களுக்கு மட்டும் இரவு 8 மணியோடு சேவை முடியும் என்று அறிவித்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் அந்த வரம்பை எல்லோருக்கும் பொதுவாக்க நேர்ந்தது. தவறு செய்யக்கூடியவரைக் கட்டுப்படுத்தாமல் பயணியைக் கட்டுப்படுத்தியதையே மக்கள் அதில் பார்த்தார்கள்.

தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு, உங்கள் ஊழியர்களுக்குத் தெரியாத ஒரு பெண்ணை, விடுமுறை நாள் ஒன்றில் இரவு ஒரு மணிக்கு உங்கள் எண்ணுக்கு அழைத்து, மேலே சொன்ன அண்ணி கதையை அதே தணிந்த குரலில், "புகார் ஒன்றும் இல்லை" என்றே சொல்லச் செய்யுங்கள். வண்டி நிறுத்தப்பட்ட நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறுத்தப்படவே இல்லை என்றால், தொடக்க விழாவைத் தள்ளிவைத்துவிட்டு அந்த அறையைச் சரிசெய்யுங்கள்; அதன்பின் வேறொரு பெண்ணை, வேறொரு இரவில் அழைக்கச் சொல்லுங்கள்.